வாபஸ் வந்ததற்குக் கட்டம் இல்லை

நான் போட்ட ஷீட்டில் மூன்று பக்கங்கள் இருந்தன. சரக்கு, போட்டது, போனது. கடைக்குப் போன பாக்கெட் திரும்பி வந்தால் அதை எழுத ஒரு கட்டம் அதில் கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டாம் என்றே விட்டேன். என் வீட்டுப் பொடியும் ஊறுகாயும் ஒருநாளும் எந்தக் கடையிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. இப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

போர்ட் பிளேரில் மேட்டின் மேல் இருக்கிற எங்கள் வீட்டில் பின்னறைதான் என் தொழிற்சாலை. இட்லிப் பொடி, சாம்பார் பொடி, மீன் மசாலா, மாசிச் சம்பல், நெல்லிக்காய் ஊறுகாய். வறுப்பதும் ஆறவைப்பதும் நான். அரைப்பது கீழே மில்லில். பவுச்சில் அடைத்துச் சூடு வைத்து ஒட்டி, பேட்ச் எண்ணும் அடைத்த தேதியும் காலாவதித் தேதியும் என் கையாலேயே எழுதுவேன். அபர்டீன் பஜாரில் நாலைந்து கடை, தெற்கே வேறொரு தீவில் இருக்கிற ஹட் பேயில் ஒரு கடை. அங்கே கப்பலில் போகிற யார் கையிலாவது பையைக் கொடுத்தனுப்புவோம். எதில் எத்தனை பாக்கெட் இருக்கிறது, எது முதலில் தீரும், உளுந்து எப்போது வாங்க வேண்டும் என்பதெல்லாம் என் மண்டைக்குள் இருந்தது. யாராவது கணக்கு எழுதச் சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

மார்பில் கட்டி என்றும், அது கெட்ட கட்டி என்றும் தெரிந்தபோது, சென்னைக்குப் போய் ஆபரேஷன் செய்து, பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பின்னறையை யார் பார்ப்பார்கள் என்ற ஒரே கவலைதான் வந்தது. கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்கும். உயிர் போகுமா இருக்குமா என்பது என் கையில் இல்லை. திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும் என்பதையாவது என் கையில் வைத்துக்கொள்ள நினைத்தேன்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றிலிருந்து கண்டெய்னரைப் பூப்போல் எடுத்து வைப்பார். ஆனால் போனில் ஒரு பேரைத் தேட ஐந்து நிமிஷம் ஆகும். அவருக்குப் புரிகிற மாதிரி ஷீட் போட வேண்டும். தெரிந்தவரிடம் ஒரு லேப்டாப் இரவல் வாங்கி, ஒரு வீடியோவைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எக்ஸெல் மாதிரிதான், ஆனால் இணையத்தில் இருப்பது. அவர் இங்கே எழுதினால் எனக்குச் சென்னையில் தெரியும்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் குழப்பினேன். அவர் ஒரு தடவை இட்லி பொடி என்று அடித்தார், இன்னொரு தடவை பொடி இட்லி என்று அடித்தார். ஷீட் இரண்டையும் வேறு வேறு சரக்காக எடுத்துக்கொண்டது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தேன். 101 இட்லிப் பொடி, 102 சாம்பார் பொடி, இப்படி. அந்த எண்ணையும் அடிக்க விடாமல், தொட்டால் பட்டியல் விரிகிற மாதிரி வைத்தேன். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

'போட்டது' பக்கத்தில் அடைத்த தேதி, சரக்கு எண், பேட்ச், எத்தனை பாக்கெட். பக்கத்துக் கட்டத்தில் அடைத்த தேதியோடு தொண்ணூறைக் கூட்டினால் பொடிகளின் காலாவதித் தேதி தானாக வந்து நிற்கும். 'போனது' பக்கத்தில் தேதி, சரக்கு எண், எத்தனை, எந்தக் கடை. 'சரக்கு' பக்கத்தில் ஆரம்ப இருப்பு. அதோடு, அந்த எண்ணுக்குப் போட்டதையெல்லாம் கூட்டி, போனதையெல்லாம் கழித்தால் கையிருப்பு. அந்தப் பக்கத்தை மட்டும் பூட்டி வைத்தேன். அவர் விரல் பட்டு ஃபார்முலா அழிந்தால் எல்லாம் போச்சு. பவுச்சுக்குத் தனி வரி. ஒரு பாக்கெட் போட்டால் ஒரு பவுச் குறையும்.

குறைந்தபட்ச இருப்பு என்று ஒரு கட்டம். வாரத்துக்கு எவ்வளவு போகிறது, சாமான் வந்துசேர எத்தனை வாரம் ஆகும், இரண்டையும் பெருக்கி மேலே கொஞ்சம் போட்டால் வருவது அது. வீடியோவில் பேசிய பையன் சாமான் மூன்று நாளில் வந்துவிடும் என்று வைத்துக் கணக்குப் போட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. மெயின்லேண்ட்காரன். அச்சடித்த பவுச் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். கடல் கெட்டுப்போனால் கப்பலும் இல்லை, பவுச்சும் இல்லை. நான் ஆறு வாரம் என்று போட்டேன். கையிருப்பு அந்தக் குறைந்தபட்சத்துக்கு வந்தாலோ கீழே போனாலோ அந்த வரி சிவப்பாகும்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "மால் வாபஸ் வந்தா எங்கே எழுதுறது?" என்றார்.

"நம்ம மால் என்னிக்கு வாபஸ் வந்திருக்கு?"

"வராதுதான். சும்மா கேட்டேன்."

"வராததுக்கு எதுக்குக் கட்டம்? இருக்கிறத ஒழுங்கா எழுதுங்க, பஸ், அது போதும்."

அவர் தலையாட்டினார். புறப்படுவதற்கு முன் நானும் நாத்தனாரும் சேர்ந்து வறுத்து அரைத்து, அலமாரி நிறைய அடைத்து வைத்தோம். நான் இல்லாதபோது தானே வறுத்துப் பார்த்துக்கொள்வதாக நாத்தனார் சொன்னாள். அவளும் எங்களோடு அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

சென்னையில் தங்கை வீட்டில் இருந்தேன். ஆபரேஷன் முடிந்தது. அதன் பிறகு மருந்து. மருந்து ஏறிய நாளும் அதற்கடுத்த நாளும் நான் மனுஷியாக இல்லை. வாந்தி, வாயெல்லாம் புண், தலையணை முழுக்க முடி. வறுத்த மிளகாய் வாசத்திலேயே வாழ்ந்தவளுக்குச் சோறு வேகிற வாசம்கூடக் குமட்டியது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். எனக்கு அதைப் பார்க்கவும் பிடிக்காது, ஆறுதல் சொல்லவும் பிடிக்காது. போனை எடுத்து ஷீட்டைத் திறந்துகொள்வேன்.

அவர் ஒருநாளும் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும் எழுதிவிடுவார். 101, எட்டு பாக்கெட், பஜார். 104, பத்து, ஹட் பே. அதைப் பார்த்தால் எனக்கு இரண்டு வாய் கஞ்சி இறங்கும். யாரோ ஒருத்தி காலையில் இட்லி வேகவைத்து, என் பவுச்சைக் கத்தரித்து, நல்லெண்ணெய் ஊற்றிக் குழைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். உடம்பில் எனக்குச் சொந்தமானது ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த நாட்களில் அந்த எண்கள்தான் எனக்கு நாடித்துடிப்பு.

"லாத்தா, நீ மருந்து சாப்பிடுறதே அந்த ஷீட்டப் பாக்கத்தான்" என்பாள் தங்கை. எங்கள் வீட்டில் அக்காவுக்கு லாத்தா.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?" என்பேன்.

ஒரு வரி சிவந்தால் உடனே கூப்பிடுவேன். "சாம்பார் பொடி இறங்கிருச்சு, உங்க தங்கச்சிகிட்ட வறுக்கச் சொல்லுங்க." "டீக் ஹை, சொல்றேன்" என்பார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ 'போட்டது' பக்கத்தில் ஒரு புது பேட்ச் வந்துவிடும். சிவப்பு போய்விடும். பேட்ச் கூடக் கூடப் பவுச் குறைந்தது. ஒருநாள் பவுச் வரியும் சிவந்தது. சென்னையில்தானே இருக்கிறேன் என்று தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு அச்சடிப்பவரிடம் நேரில் போனேன். கொஞ்சமாக அச்சடிக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தேன். இவ்வளவு ஓடுகிறதே என்று தெம்பாக, எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் பச்சைக் கோடு போட்டு, புது டிசைனில் அடிக்கச் சொன்னேன். பின்பக்கம் வழக்கம்போல் தயாரிப்பவர் என்று என் பேர், வீட்டு முகவரி, பதிவு எண். பெட்டிகளைக் கப்பல் சரக்கில் ஏற்றிவிட்ட அன்று வீட்டுக்கு வந்து முழுத் தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஒரே ஒரு தடவை எனக்கு உறுத்தியது. மழைக்காலத்தில் ஹட் பே கப்பல் ரத்து என்று போனில் செய்தி பார்த்தேன். அன்றைக்கே ஷீட்டில் ஹட் பேக்குப் பன்னிரண்டு பாக்கெட் போயிருந்தது.

"கப்பலே போகலையே, மால் எப்படிப் போச்சு?"

"ஆள் கைல குடுத்து வச்சிருக்கேன். கப்பல் விட்டதும் போயிரும். குடுத்தாச்சேன்னு எழுதிட்டேன்" என்றார்.

"கப்பல் ஏறாம போனதுல எழுதாதீங்க" என்று திட்டிவிட்டு அதோடு விட்டேன். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். எனக்கு அந்தப் பன்னிரண்டு பாக்கெட் வேண்டியிருந்தது, நம்பினேன்.

மருந்தெல்லாம் முடிந்து ஊருக்கு வந்தபோது மேடு ஏற நாலு இடத்தில் நின்றேன். வீட்டுக்குள் போனதும் உட்காரக்கூட இல்லை. நேராகப் பின்னறைக்குப் போனேன். பூட்டியிருந்தது.

"சாவி?"

"முதல்ல சாப்பிடு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

நாத்தனார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எலி வந்திருக்கும், மழைத் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று என்னென்னவோ ஓடியது. "சாவியக் குடுங்க" என்று கத்தினேன். கொடுத்தார்.

அலமாரி நான் விட்டுப்போன மாதிரியே நிறைந்திருந்தது. தரையிலும் அட்டைப்பெட்டிகளில் பாக்கெட்டுகள். எடுத்துப் பார்த்தேன். எல்லாம் என் கையெழுத்து. புறப்படும் முன் நான் எழுதிய பேட்ச், நான் எழுதிய தேதி. பொடிகளெல்லாம் காலாவதியாகி மாதங்கள் ஆகியிருந்தன. சம்பலும் ஊறுகாயும்கூடத் தேதி தாண்டியிருந்தன. அலமாரிக்கு எதிரே, கட்டுப் பிரிக்காமல், சென்னையிலிருந்து நான் அனுப்பிய பவுச் பெட்டிகள். ஷீட்டில் இருந்த பேட்ச் ஒன்றுகூட அங்கே இல்லை. நாத்தனார் எதையும் வறுத்திருக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவை ஒட்டி நின்றார்.

"சொல்லுங்க" என்றேன்.

"முதல் மாசம் நல்லாத்தான் போச்சு. நீ எழுதச் சொன்ன மாதிரி எழுதினேன். அப்புறம் விஷயம் பரவிருச்சு. உனக்கு என்ன வியாதின்னு. கடைல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அந்தம்மா கையால போட்டதான்னு. ஒட்டுற வியாதி இல்லன்னு சொன்னேன். டாக்டர் எழுதிக் குடுத்ததக் காட்டுறேன்னுகூடச் சொன்னேன். எல்லாக் கடைக்காரரும் வாபஸ் குடுத்துட்டாங்க. ஹட் பேலேர்ந்தும் அதே பையில திரும்பி வந்துச்சு."

"வந்தத எழுத வேண்டியதுதானே?"

"எங்கே எழுதுறது?"

கையிலிருந்த பாக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"அதுக்குத்தான் கட்டம் இல்லையே" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே இடம் தேடிப் பார்த்திருக்கிறார். "உனக்கு போன் பண்ணிக் கேக்கலாம்னு எடுத்தேன். அன்னிக்கு உனக்கு மருந்து ஏத்துற நாள். நீ முதல்ல கேட்டதே இன்னிக்கு எத்தனை போச்சுன்னுதான். எட்டுன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எழுதாம இருக்க முடியுமா? எட்டுன்னு எழுதினேன்."

அந்த எட்டிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. விற்றதாக எழுதியதும் இருப்பு குறைந்தது. குறைந்ததும் சிவந்தது. சிவந்ததும் நான் போன் செய்தேன். நான் போன் செய்ததும் அவர் வறுக்காத பேட்ச்சை எழுதினார். பேட்ச் எழுதியதும் பவுச் குறைந்தது. என் ஃபார்முலாவில் ஒரு பிழையும் இல்லை. அவர் கொடுத்த பொய்யைச் சரியாகக் கூட்டி, சரியாகக் கழித்து, சரியான நேரத்தில் சிவப்புக் காட்டி, என்னை அச்சடிப்பவர் கடைவரை நடக்க வைத்தது.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பஜாருக்குப் போனேன். வெகுகாலமாக என் சரக்கை வாங்கியவர் கடை. எழுந்து நின்று வரவேற்றார், பாவம். நல்ல மனுஷர்தான். டீ சொன்னார். எப்போதும் எனக்கும் அவருக்கும் கண்ணாடி கிளாசில் வரும். அன்று அவருக்குக் கிளாசில் வந்தது, எனக்குக் காகிதக் கப்பில் வந்தது. டீக்கடைப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுப் பொடிதான் எங்க வீட்லயும். வாங்குறவங்க கேக்குறாங்க, நான் என்ன செய்ய?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பவுச்ல பேர மாத்துங்க. உங்க பேரு, அட்ரஸ் ரெண்டும் வேணாம். வேற யார் பேர்லயாவது ரெஜிஸ்டர் பண்ணி, வேற எடத்துல போட்ட மாதிரி கொண்டாங்க. நான் எடுத்துக்குறேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டீயை அவர் மேசையில் கொட்டியிருப்பேன். கொட்டவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, கப்பைக் கசக்கி என் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தேன். அவர் கடையில் என் எச்சில் எதற்கு?

அன்று சாயங்காலமே அந்த லேப்டாப்பை மறுபடி இரவல் வாங்கிவந்து ஷீட்டைத் திறந்தேன். பொய்யையெல்லாம் எடுக்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, இது நிஜம், இது இல்லை என்று வரி வரியாகச் சொன்னார். நான் அழித்துக்கொண்டே வந்தேன். பாதியில் என் கை நின்றது. 'போனது' பக்கத்தில் சாதாரண நாளில் ஆறு, எட்டு என்றுதான் இருந்தது. இடையிடையே திடீரென்று இருபது, இருபத்தைந்து. பண்டிகை நாளா என்று தேதியைப் பார்த்தேன். எல்லாம் எனக்கு மருந்து ஏற்றிய நாட்கள்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழித்திருக்க மாட்டேன். அந்த வரிகளையும் அழித்தேன்.

பிறகு 'வாபஸ்' என்று ஒரு பக்கம் சேர்த்தேன். தேதி, சரக்கு எண், எத்தனை, எந்தக் கடை. திரும்பி வந்ததையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல அதில் எழுதினேன். 'கொட்டியது' என்று இன்னொரு பக்கம். கையிருப்பு ஃபார்முலாவில் வாபஸ் வந்ததைக் கூட்டவும், கொட்டியதைக் கழிக்கவும் திருத்தினேன். கொட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்தோம். நாத்தனார் வாசலோடு நின்றாள். இட்லிப் பொடியில் மட்டும் அலமாரியில் இருந்தது ஷீட்டைவிடக் குறைவாக வந்தது. மறுபடி எண்ணினேன். குறைவுதான்.

"அது நான் சாப்பிட்டது" என்றார்.

மறுநாள் பாக்கெட்டுகளைக் கத்தரித்து, பொடி, சம்பல், ஊறுகாய் எல்லாவற்றையும் குழியில் கொட்டி மூடினோம். எனக்கு இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிளகாய் நெடி என்று அவர் சொன்னார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். கொட்டியதை எழுதியதும் பவுச் வரியைத் தவிர மற்ற எல்லா வரியும் பூஜ்யத்துக்கு வந்து சிவந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. 'வாபஸ்' பக்கத்தில் காரணம் என்று ஒரு கட்டம் வைத்தேன். வீடியோவில் அப்படித்தான் வைக்கச் சொன்னார்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த தடவை திருத்திக்கொள்ள முடியுமாம். பவுச் ஒழுகல், காலாவதி, ருசி சரியில்லை என்று பட்டியலும் கொடுத்தார்கள். என் பொடி ஒழுகவில்லை. வாபஸ் வந்த அன்று காலாவதியாகவும் இல்லை. ருசியைப் பற்றி ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை.

"என்ன போடப் போறே?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

முதல் வரியில் 'நான்' என்று அடித்தேன். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். கடைசி வரி வரைக்கும் அதுவே இறங்கியது.